ஐந்து மணிக்கு யாரும் இல்லை

எனக்குக் கோபம் வந்தால் யார் எவர் என்று பார்க்க மாட்டேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சாப்ட்வேர் கம்பெனிக்காரனிடம் அப்படித்தான் எகிறினேன்.

நான் மோகனப்ரியா. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியை ஒட்டிய சந்தில், நாராயணன் சாரின் கிளினிக்கில் பதினோரு வருஷமாக ரிசப்ஷன் பார்க்கிறேன். சார் டாக்டர் இல்லை. கீழே மருந்துக்கடை, மேலே கிளினிக், இரண்டுக்கும் முதலாளி. மற்ற நாளெல்லாம் வந்தவர்களுக்கு வந்த வரிசையில் டோக்கன்தான். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மட்டும் மதுரையிலிருந்து நரம்பு டாக்டர் பெலிக்ஸ் வருவார். அவரைப் பார்க்க முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்தவர்களின் போனுக்கு முந்தின நாள் சாயங்காலம் கம்ப்யூட்டரே ரிமைண்டர் அனுப்பிவிடும்.

அன்றைக்கு ஆறரை மணிக்கு அய்யப்பன் போன் செய்தார். அன்னவாசல்காரர். கத்தாரில் கிரேன் ஓட்டுகிறவர். லீவில் வந்த இடத்தில் ஒருநாள் காலையில் எழுந்தால் வலது மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது. தூக்கக் கலக்கத்தில் கையின் மேலேயே படுத்து நரம்பு நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். மூன்று மாதமாக அவரிடம்தான் வைத்தியம். போன மாதம் பார்த்துவிட்டு, "எண்பது சதவீதம் வந்திருச்சு. அடுத்த தடவை பாத்துட்டு வேலைக்குப் போகலாம்னு லெட்டர் தாரேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கம்பெனி இரண்டு முறை லீவை நீட்டிவிட்டது. இனி நீட்டாது. வைத்தியம் பார்த்த ஸ்பெஷலிஸ்டின் கடிதம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் மெயிலில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் திங்கள் விடியற்காலை திருச்சியிலிருந்து விமானம். சேராவிட்டால் டிக்கெட்டும் ரத்து, வேலையும் ரத்து. இதை அவர் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

"அக்கா, எப்பவும் மெசேஜ் வரும். இந்தத் தடவ வரலியே. நாளைக்கு டாக்டர் வாராருல்ல?"

"என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க? மொதப் பேரே ஒங்க பேருதான். எட்டு மணிக்கு டாண்ணு வந்து உக்காருங்க."

போனை வைத்துவிட்டுத் தேடினேன். ஒருத்தருக்கும் ரிமைண்டர் போகவில்லை. பதினேழு பேர் பதிந்திருக்க, ஒருத்தருக்குக்கூடப் போகவில்லை! சாப்ட்வேர் கம்பெனியில் எங்கள் கிளினிக்கைக் கவனிக்கும் ரகுநாத் என்ற பையனுக்கு வாட்ஸ்அப்பில் தாளித்துவிட்டேன். தூங்குகிறீர்களா, நாளைக்குக் கூட்டம் வராவிட்டால் நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா என்றெல்லாம். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. அதை இப்போது பார்க்காமலே ஒப்பிப்பேன்.

"வணக்கம் மேடம். சரிபார்த்துவிட்டேன். கோளாறு எதுவும் இல்லை. தினமும் மாலை 5 மணிக்கு, மறுநாள் தேதியில் உள்ள முன்பதிவுகளை சிஸ்டம் எடுக்கும். அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் ரிமைண்டர் போகும். இன்று 5 மணிக்கு நாளைய தேதியில் ஒரு முன்பதிவுகூட இல்லை. அதனால் ரிமைண்டர் எதுவும் அனுப்பப்படவில்லை. நீங்கள் சொல்லும் 17 பெயர்களும் 5.25க்கும் 6.20க்கும் இடையில் பதியப்பட்டுள்ளன. அவை பத்திரமாக உள்ளன. ஆனால் இன்றைய நேரம் முடிந்துவிட்டதால் அவற்றுக்கு ரிமைண்டர் போகாது. தயவுசெய்து போனில் தெரிவித்துவிடவும். வழக்கம்போல நாளைய பட்டியல் டாக்டருக்கும் 5.02க்குப் போய்விட்டது: முன்பதிவு 0."

முதல் தடவை படித்தபோது, பெரிய இவன், பாடம் நடத்துகிறான் என்றுதான் தோன்றியது. ரிமைண்டர் போகாவிட்டால் என்ன, நான்தான் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டேனே! கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தபோதுதான், டாக்டருக்கும் பூஜ்யம் என்றே போயிருக்கிறது என்பது உறைத்தது.

ஏன் ஐந்து மணிக்கு ஒரு பெயர்கூட இல்லை? காரணம் நான்தான். போன மாதம் இருபத்திரண்டு பேர் பதிந்ததில் ஒன்பது பேர் வரவில்லை. வராதவர்களைக் கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டும். நாராயணன் சார் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, கடையில் மருந்து வாங்க நின்ற ஆட்கள் முன்னாலேயே என்னைப் பார்த்துக் கத்தினார். "கண்ணு மண்ணு தெரியாம ஏத்துறதா? வர்ற ஆளா வராத ஆளான்னு கேக்க வாய் இல்லையா ஒனக்கு?" மானம் போய்விட்டது. சரி, இனி நிச்சயம் வருகிறவர்களை மட்டும்தான் ஏற்றுவது என்று முடிவு கட்டினேன். மாதம் பூராவும் பெயர்களை நோட்டில் எழுதிவைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, வருகிறேன் என்று வாயால் சொன்னவர்களை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அய்யப்பனுக்குப் போன் போடவே இல்லை. அவர் வராமல் இருப்பாரா? அதனால் முதல் பெயராக அவரை ஏற்றிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், போங்கள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். கீழே ஓடினேன். நாராயணன் சார் மருந்துப் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், டாக்டர் நாளைக்கு வாராருல்ல?"

"இல்லியே. சாயங்காலமே மெசேஜ் போட்டாரு. நாளைக்கு பேஷன்ட் யாரும் இல்ல, நான் வரலன்னு. சரின்னு கட்டைவிரல் போட்டு விட்டேன். ஏன், ஒனக்குத் தெரியாதா?"

"சார், பதினேழு பேரு இருக்காங்க சார்!"

"பதினேழா? அப்பறம் ஏன் அவரு ஒண்ணும் இல்லன்னாரு?"

கட்டைவிரல் போடுவதற்கு முன்னால் மேலே ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பெயரை ஏற்றாதவள் எந்த முகத்தோடு கேட்பது? சார் கத்தவில்லை. "ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி வர வேணாம்னு சொல்லு" என்று மட்டும் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பதினாறு பேருக்குச் சொல்லிவிட்டேன். திட்டியவர்கள் திட்டினார்கள், அலுத்துக்கொண்டவர்கள் அலுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் வருவார்கள். அய்யப்பனுக்கு மட்டும் போன் போடவில்லை. எப்படியும் டாக்டர் பேசிவிடுவார், ஏதாவது வழி பிறக்கும் என்று தள்ளிப்போட்டேன். பயம்தான், வேறென்ன. டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதி மெசேஜ் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலை ஆறு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். மும்பையில் இருந்தார்.

"பேத்திக்கு இன்னைக்குக் காலைப் பூசையில ஞானஸ்நானம்மா. கிளினிக் இருக்கேன்னு நான் ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குத்தான் டிக்கெட் போட்டிருந்தேன். பேத்தி ஞானஸ்நானத்தப் பாக்கக் குடுத்துவைக்கலன்னு மனசத் தேத்திக்கிட்டேன். நேத்து சாயங்காலம் ஜீரோன்னு வந்துச்சு. ஆண்டவரே வழி விட்டாருன்னு டிக்கெட்ட மாத்தி ஏறிட்டேன்."

அந்த மனுஷனை நான் என்ன சொல்ல முடியும்?

"சார், அய்யப்பன் ஒருத்தருக்கு மட்டும் லெட்டர் குடுத்துருங்க சார். வீடியோ கால்ல பாருங்க. நான் கையக் காட்டச் சொல்றேன்."

"முடியாதும்மா. கை தூக்குறது வீடியோவுல தெரியும். அதுல எவ்வளவு பலம் இருக்குன்னு தெரியாது. மணிக்கட்ட நிமித்தச் சொல்லி, நான் மேலயிருந்து அழுத்தணும், அது நிக்கணும். அவரு கிரேன் ஓட்டுறாரு. கீழ ஆளுங்க நிப்பாங்க. பாக்காம எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" பிறகு அவரே சொன்னார். "செவ்வாக்கிழமை மதுரைக்கு வரச் சொல்லுங்க. மொத ஆளாப் பாக்குறேன்."

செவ்வாய்க்கிழமை யாருக்கு வேண்டும்? வேறு ஸ்பெஷலிஸ்டின் கடிதமாவது கிடைக்குமா என்று திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நரம்பு டாக்டர் இல்லை, அவசரம் என்றால் மட்டும் பார்ப்போம் என்றார்கள். இது அவசரம் இல்லையாம்.

எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அய்யப்பன் வந்துவிட்டார், கூடவே அவர் சம்சாரம் உமாவும். அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். டாக்டர் கையெழுத்துக்காகக் கம்பெனி அனுப்பிய ஃபாரத்தைக் கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு உமா சிரித்தாள்.

"நம்மதான் மொத ஆளு போல."

சொன்னேன். பேஷன்ட் யாரும் இல்லை என்று கம்ப்யூட்டரிலிருந்து போனதால் டாக்டர் வரவில்லை, மும்பையில் இருக்கிறார், செவ்வாய்க்கிழமைதான் பார்க்க முடியும், வீடியோவில் பார்க்க ஒத்துக்கொள்ளவில்லை என்று. அய்யப்பன் அசையாமல் கேட்டார். பிறகு வெளியே போய்க் கம்பெனி ஆளிடம் போனில் பேசினார். இந்தியும் இங்கிலீஷும் கலந்து, குரல் கெஞ்சிக் கெஞ்சி இறங்குவது உள்ளே வரை கேட்டது. உமா ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள்.

திரும்பி வந்தவர், "முடியாதுன்னுட்டான். வேற ஆளு ரெடியா இருக்கானாம்" என்றார். என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். "விடுங்கக்கா. கம்ப்யூட்டர் பண்ணுன கூத்துக்கு நீங்க என்ன செய்வீங்க? மெசேஜ் வராதப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

எனக்கு அவர் ஆறுதல் சொல்கிறார்! பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

அப்புறம் அவர் வலது கையை மேசைமேல் வைத்தார். முழங்கை மேசையில் ஊன்றியிருக்க, மணிக்கட்டை நிமிர்த்தினார்.

"அழுத்துங்கக்கா. டாக்டரு அழுத்துவாருல்ல, அது மாதிரி. நல்லா அழுத்துங்க."

"நான் அழுத்தி என்ன தம்பி..."

"சும்மா அழுத்துங்க. யாராச்சும் ஒருத்தராவது பாருங்க."

ஒரு கையால் அழுத்தினேன். அசையவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும், உடம்பின் பாரம் முழுக்க இறக்கி அழுத்தினேன். அந்தக் கை அரை அங்குலம்கூடத் தாழவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் வாழைத்தண்டு மாதிரித் துவண்டு கிடந்த கை அது. உமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கு உடம்பு தேறிவிட்டது, அதைச் சொல்லிக் கையெழுத்துப் போட அந்த ஊரில் ஆள் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் அய்யப்பன். அவர் முகத்தில் ஒரு நிமிஷம் பெருமை இருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை. "தம்பி, கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணல" என்றேன். "ஒங்க பேர நான்தான் நேரத்துக்கு ஏத்தல. நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு, நேத்து அஞ்சு மணிக்கு மேலதான் ஏத்துனேன். அஞ்சு மணிக்கு ஒங்க பேரு ஒண்ணு இருந்திருந்தாக்கூட டாக்டர் வந்திருப்பாரு. என்னாலதான் எல்லாம்."

அவர் என்னையே பார்த்தார். நான் அழுத்தியபோது அசையாத கை, நான் தொடாமலே மெல்ல மேசையில் இறங்கியது.

"நான் போன மாசம் கெளம்பறப்பவே பேரு சொல்லிட்டுத்தானக்கா போனேன்?" என்றார்.

"ஆமா தம்பி" என்றேன்.