பெரியவளுக்கு ஐந்தரை அடி

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புது மாட்டுக் கொட்டகைத் தரைக்குக் கான்கிரீட் கலவை வந்து இறங்கப் போகிறது. ஒருமுறை கொட்டி இறுகிவிட்டால் அப்புறம் அழுது புரண்டாலும் கேட்காது. அது தெரிந்துதான் பால்காரம்மா அன்று காலையிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். அவளுடைய வீட்டுக்காரரோ, கழுத்தில் அளவு நாடாவும் கையில் சுண்ணாம்புக் கட்டியுமாக, வெறும் தரையில் ஆறு மாடுகளுக்கும் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

மனிதர் டைலர். முப்பது வருஷமாகச் சட்டையும் பேன்ட்டும் தைக்கிறவர். மாடு, கன்று, பால், சாணம் எல்லாம் அவளுடைய இலாகா. ஆனால் அளவு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அது தன்னுடைய இலாகா என்று வந்து நின்றுவிடுவார்.

கால்நடை டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் தெளிவாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு மாடு நிற்க நீளம் ஐந்தரை அடி, அகலம் நான்கு அடி. தீவனத் தொட்டியில் மாட்டுப் பக்கச் சுவர் ஒன்றரை அடி உயரம், தொட்டியின் அடி தரையைவிட அரை அடி மேலே. தரை பின்பக்கம் சரிந்து போய் ஓர் அடி அகலக் கால்வாயில் முடிய வேண்டும். இதில் குழம்ப என்ன இருக்கிறது? இருந்தது. குழப்பிக்கொள்ள டைலர் இருந்தார்.

"என்னங்க இது, ஏழரை அடி போட்டிருக்கீங்க?" என்றாள் அவள், கட்டத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டு.

"டாக்டரம்மா சொன்னது உடம்பு அளவும்மா. தைக்கிற அளவு வேற. அப்படியே பிடிச்ச மாதிரி தைச்சா, போட்டுக்கிட்டு உட்கார முடியுமா? லூஸ் விட வேண்டாமா?"

"அகலம் ஆறடி?"

"நாளைக்கு உடம்பு போடும். அப்ப பிரிச்சு விடவா முடியும்?"

"தொட்டி மூணடி உயரமாமே?"

"பாவம், குனிஞ்சு குனிஞ்சு தின்னுதுங்க. மேசை உயரத்துல இருந்தா கழுத்து வலிக்காதுல்ல?" மாட்டின் மேல் அவருக்கு உண்மையிலேயே பாசம்தான். அந்தப் பாசம்தான் இப்போது ஆபத்தாக வந்து நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மழைக்காலம் பழைய கொட்டகையில் ஒரே ஈரம். மண் தரையில் மூத்திரம் தேங்கி, சாணத்திலேயே படுத்து, மாடுகளில் இளையவளுக்கு மடிநோய் வந்துவிட்டது. பால் திரிதிரியாகத் திரிந்து வந்தது. பதினோரு நாள் மருந்து போட்டும் ஒரு காம்பு அடைத்தது அடைத்ததுதான். காய்ச்சலில் மடி கல்லாக இறுகி, தொடும்போதெல்லாம் அந்த ஜீவன் காலை உதறியதை அவளால் மறக்க முடியவில்லை. அடுத்து பெரியவள். இன்னும் நாற்பத்தைந்து நாளில் கன்று போடப் போகிறாள். அந்த மந்தையிலேயே பெரியவள்தான் அவளுக்கு உயிர். பெரியவளின் மடி ஈரத்தில் படக் கூடாது. பால்காரம்மாவுக்குக் கொட்டகை என்றால் அவ்வளவுதான்.

டைலர் ஒரு பக்கம் போதாதென்று, மறுபக்கம் கொத்தனார் வந்து சேர்ந்தார். ஊரே அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடும். எங்கே போனாலும் கக்கத்தில் குமிழி வைத்த மட்டப்பலகையை இடுக்கிக்கொண்டு போவார். கல்யாண வீட்டில் பந்தி மேசை கோணலாக இருந்தால்கூட அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும்.

"சாய்வா போடணுமா?" என்றார், யாரோ திட்டிவிட்ட மாதிரி.

"ஆமாண்ணே. தொட்டிப் பக்கத்துலேர்ந்து கால்வாய் வரைக்கும் ஒன்றரை அங்குலம் இறங்கணும். கால்வாயும் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு மூணு அங்குலம் இறங்கி வெளியே குழிக்குப் போகணும்."

"இருபத்தாறு வருஷத்துல என் தரை சாஞ்சிருக்குன்னு ஒருத்தன் சொன்னதில்ல, தங்கச்சி. நாளைக்கு நாலு பேர் பார்த்துட்டு என்ன சொல்லுவாங்க?"

"மாடுதானேண்ணே பாக்கப் போகுது."

"சரி, மேல கண்ணாடி மாதிரி இழைச்சு விட்டுடறேன்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்! மாடு வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சுடும். இறுகறதுக்கு முன்னாடி துடைப்பத்தால இழுத்துச் சொரசொரன்னு விடணும்."

ரசமட்டம் ஒரு செங்கல்லைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். துடைப்பத்தால். அவர் தரையை. டைலர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு ஆண்களிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நேராகப் போய்ப் பெரியவளை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க போட்ட கட்டத்துலயே நிறுத்தறேன். அவளே சொல்லட்டும்."

டைலரின் அளவுப்படியே செங்கல்லை அடுக்கி மூன்றடிச் சுவர் எழுப்பினார்கள். அதற்கு அப்பால் தீவனம். பெரியவள் கழுத்தை நீட்டினாள், மூக்கைச் சுவரில் தேய்த்தாள், ஒரு வாய் பிடுங்கித் தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள். பாதித் தீவனம் டைலரின் தலையில். மீதி தரையில். பிறகு, ஆறடி அகலம் இருக்கிறதே என்ற சௌகரியத்தில், சாவகாசமாகக் குறுக்கே திரும்பி அடுத்த கட்டத்தில் முகத்தையும் இந்தக் கட்டத்தில் வாலையும் வைத்துக்கொண்டாள்.

"பாரு, எவ்வளவு தாராளமா நிக்கறா!" என்றார் டைலர், தலையிலிருந்து புல்லைத் தட்டிக்கொண்டே.

"பொறுங்க."

மூன்று பேரும் மாட்டின் பின்புறத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். வாலை லேசாகத் தூக்கினால் மூன்று பேரும் மூச்சைப் பிடிப்பார்கள். ஈயை விரட்டிவிட்டு வால் இறங்கிவிடும். தெருவில் போன ஒருவர் நின்று, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் கழித்துப் பெரியவள் மனது வைத்தாள். சொத் சொத்தென்று விழுந்தது. கால்வாய்க்கு என்று போட்ட கோட்டுக்கு இரண்டடி உள்ளே, அவள் படுக்கப் போகிற இடத்திலேயே விழுந்தது.

"இதுலதான் நைட்டு முழுக்கப் படுப்பா. மடியை இதுல வச்சுத்தான்" என்றாள் அவள். "இளையவளுக்கு வந்தது இவளுக்கும் வரணுமா?"

டைலர் அந்தச் சாணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் குனிந்து தன் கோட்டைக் காலால் அழித்தார். அவளே நாடாவைப் பிடித்தாள். தொட்டிச் சுவரிலிருந்து ஐந்தரை அடி, அகலம் நான்கு அடி, பக்கத்துக்கு ஒரு மூங்கில். சுவரை ஒன்றரை அடிக்கு இறக்கினார்கள். பெரியவள் மேய்கிற மாதிரி தலையைத் தாழ்த்தி நிம்மதியாகத் தின்றாள். குறுக்கே திரும்ப இடமில்லை. பின்னங்கால் கோட்டு ஓரத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் மூத்திரம் பெய்தாள். அது கோட்டைத் தாண்டிக் கால்வாய்க்கான இடத்தில்தான் விழுந்தது.

"அப்ப லூஸு தொட்டியில இருக்குது" என்று கண்டுபிடித்தார் டைலர். "தலை அந்தப் பக்கம் போயிடுதுல்ல. நான் தலையையும் சேர்த்துல்ல துணி வெட்டிட்டேன்!"

மறுநாள் வேலை ஜரூராக நடந்தது. ரசமட்டம் மட்டப்பலகையின் ஒரு முனைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டையைக் கட்டி, சாய்வாகப் போட்டாலும் குமிழி நடுவில் நிற்கிற மாதிரி செய்துகொண்டார். குமிழியைப் பார்க்காமல் அவருக்கு வேலை ஓடாது. துடைப்பம் இழுக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் ஆறு கட்டமும் முடிந்தன.

அடுத்த நாள் காலை அவள் ஒவ்வொரு தொட்டி ஓரத்திலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். முதல் கட்டத்தில் தண்ணீர் சலசலவென்று பின்னால் ஓடிக் கால்வாயில் இறங்கி வெளியே போயிற்று. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் அப்படியே. ஆறாவதில் தண்ணீர் நாலா பக்கமும் சமமாகப் பரவி, அப்படியே அசையாமல் நின்றது.

"ஆஹா, என்ன மட்டம்!" என்றார் ரசமட்டம். சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பால்காரம்மா காலி வாளியோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"கட்டை அவிழ்ந்து விழுந்துடுச்சு தங்கச்சி. சாயங்காலம் ஆயிடுச்சு, கவனிக்கல. கை தானா மட்டத்துக்குப் போயிடுச்சு."

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. திட்ட வாயைத் திறந்தாள். ஆனால் அவர் அந்தத் தேங்கிய தண்ணீரைப் பார்த்த பார்வையில், பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு கனிவும், திருடிய கையோடு பிடிபட்ட மாதிரி ஒரு கூச்சமும் சேர்ந்து இருந்தன. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவரே போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தார். தன் வாழ்நாளில் போட்டதிலேயே மிகச் சரியான தரையைத் தானே கொத்தி எடுத்தார். மதியத்துக்குள் மறுபடி கலவை போட்டு, சாய்வு பார்த்து, துடைப்பத்தையும் இழுத்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

மூன்று வாரம் தரையை நனைத்து நனைத்துக் காய விட்டார்கள். அதற்குள் பெரியவளின் வயிறு இறங்கி, மடி லேசாகக் கனக்கத் தொடங்கியிருந்தது. முதல் நாள் காலை முதல் கட்டத்தில் வைக்கோல் பரப்பிக் கட்டினார்கள். பெரியவள் தின்றாள், நின்றாள், தரையை மோந்தாள். படுக்கவில்லை. பத்து மணிக்கும் படுக்கவில்லை, பன்னிரண்டுக்கும் படுக்கவில்லை. படுக்காத மாடு அசை போடாது, கால் வீங்கும், வயிற்றில் கன்றோடு எத்தனை நேரம் நிற்பாள்? பால்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னால்தான் எல்லாம் கெட்டதோ, வீட்டுக்காரர் சொன்ன லூஸை விட்டிருக்கலாமோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள்.

"நாம பக்கத்துல நின்னா கூச்சப்படுவா" என்றார் டைலர். மூன்று பேரும் வெளியே போய்ச் சுவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஓட்டை வழியாக மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ரசமட்டத்துக்கு இருமல் வந்தது. டைலர் அவர் வாயைப் பொத்தினார்.

இரண்டரை மணிக்குப் பெரியவள் முன்னங்காலை மடக்கினாள். ஒரு முழங்கால், அப்புறம் இன்னொன்று. பின்பாரம் மெதுவாக இறங்கியது. ஒரு பெருமூச்சு விட்டு, தாழ்ந்த தொட்டிச் சுவர்மேல் கழுத்தைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி அசை போட ஆரம்பித்தாள்.

"படுத்துட்டா!" என்று மூன்று பேரும் கிசுகிசுத்தார்கள்.

பால்காரம்மா பூனை மாதிரி உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து மூன்று தடவை சாணமும் நான்கு தடவை மூத்திரமும் ஆகியிருந்தது. எல்லாம் கால்வாயோடு போயிருந்தது. அவள் பெரியவளின் மடிக்குக் கீழே வைக்கோலுக்குள் கையை விட்டு, தரை வரைக்கும் தடவினாள். கையை வெளியே எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு விசும்பி விசும்பி அழத் தொடங்கினாள்.

டைலர் பதறி ஓடி வந்தார். "என்னம்மா? என்ன ஆச்சு?"

"காய்ஞ்சிருக்குங்க" என்றாள் அவள்.