தேயிலைத் தண்ணீரில் வயதான ஐந்து படங்கள்

பழுப்பைக் கண்டால் கும்பிடுகிற கூட்டம் ஒன்று உண்டு. தாள் காவியேறிக் கிழிந்திருந்தால் முந்நூறு வருஷம் என்பார்கள். பளிச்சென்று இருந்தால் நேற்றுப் போட்டது என்பார்கள். இவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன் என்பது இன்னும் பெரிய எரிச்சல்.

அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் மலையாள ராஜவம்சத்துத் தம்புரான் ஒருவரின் மாளிகை. அவர் சேர்க்கிற படங்களைச் சோதித்துச் சொல்வதும் பழுதுபார்ப்பதும் என் வேலை. என் பேர் கோலப்பன், நாகர்கோவில்காரன். எனக்கு மேலே காரியஸ்தர் சுந்தரராமன்.

வடக்கேயிருந்து ஒரு வியாபாரி ஆறு சிறிய ராஜபுத்திரப் படங்கள் கொண்டுவந்திருந்தார். ஐந்து பழுப்பு, ஒன்று பளிச்சென்று. காரியஸ்தர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னார்.

"இந்த அஞ்சும் அசல். அந்தப் புதுசைத் திருப்பி அனுப்பும். ரிப்போர்ட்ல ஒப்பு வையும் ஓய்."

"சாமி, கொஞ்சம் பொறுங்கோ" என்று ஜன்னலண்டை கொண்டுபோனேன்.

பழுப்புப் படங்களில் வண்ணம் உதிர்ந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அத்தனை நாள் வண்ணத்துக்கு அடியில் மறைந்திருந்த தாள் சற்று வெளுத்திருக்க வேண்டும். இங்கே அங்கும் அதே பழுப்பு. யாரோ முதலில் தாளைச் சாயத்தில் முக்கி, அப்புறம் வரைந்திருக்கிறான். பூச்சி ஓட்டைகளின் விளிம்பில் சாயம் ஊறி இன்னும் கறுத்திருந்தது; சாயத்துக்கு முன்பே போட்ட ஓட்டைகள். ஓட்டைகள் சுற்றிலும் ஒட்டிய கரைத்தாளுக்குள் ஏறவும் இல்லை. எந்தப் பூச்சி அப்படிக் கோடு பார்த்து நிற்கும்? நீலமோ மாவு மாதிரி ஒரே சீர். அந்தக் காலத்தில் கல்லை இடித்து எடுத்த நீலத்தில் பெரியதும் பொடியுமாக மணிகள் தெரியும்.

பளிச்சென்ற படத்தைப் புரட்டினேன். முன்பக்கம் பச்சை இருந்த இடங்களில் மட்டும் பின்பக்கம் தாள் பழுப்பாகிக் கரிந்திருந்தது. தாமிரத்தில் எடுத்த பச்சை நாள்பட நாள்பட தாளை அப்படித்தான் தின்னும். வெயில் படாமல் ஆல்பத்துக்குள் கிடந்ததால் நிறம் மங்கவில்லை, அவ்வளவுதான். அதிலிருந்த பெண்ணின் நெற்றி மயிர் ஒவ்வொன்றும் தடித்துத் தொடங்கி ஒன்றுமில்லாமல் முடிந்தது, தேர்ந்த கை. கன்னம் மட்டும் மொத்தையாக இருந்தது. சாய்த்துப் பிடித்தால் பழைய வெடிப்பின் மேல் யாரோ பிற்பாடு பூசியது மேடாகத் தெரிந்தது.

"இது அசல், சாமி. கன்னத்துல மட்டும் மேல்பூச்சு. மத்த அஞ்சும் தேயிலைத் தண்ணியில முக்கினது."

காரியஸ்தர் சிரித்தார். "போன வருஷம் இதே மாதிரி ஒண்ணு வாங்கினோமே, பெரிய ஹால்ல தொங்கறதே. அதுல ஒப்பு வெச்சது யாரு? நானா?"

அன்று கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றாமலே, முன்பக்கத்தை மட்டும் பார்த்து, 'அசல், கோலப்பன்' என்று பின்பலகையில் எழுதியவன் நான்தான். வேறென்ன சொல்ல, சோம்பல். வாயை மூடிக்கொண்டால் இந்த ஐந்தும் அசலாகும், எனக்கும் வேலை நிலைக்கும். பேசினால் என் பேரை நானே கெடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹாலுக்குப் போய் அதை இறக்கினேன். தம்புரானும் வந்துவிட்டார். அவர் முன்னாலேயே சட்டத்தைக் கழற்றி, கரைத்தாளின் ஒரு மூலையை ஈரப் பஞ்சால் நனைத்துத் தூக்கினேன். அதற்கடியில் காற்றும் வெளிச்சமும் படாத அந்த இடமும் மற்ற இடம்போலவே பழுப்பு.

"இதுவும் கள்ளம், தம்புரான். தப்பு என்னோடது. அன்னைக்கு நான் கழட்டிப் பாக்கலை."

தம்புரான் தணிந்த குரலில் சொன்னார்: "அஞ்சையும் திருப்பி அயச்சிரலாம். பளிச்சுனு உள்ளதை வாங்கலாம், கொள்ளாம், நல்ல படம். பக்ஷே இது இவிடெத்தன்னே, இந்த ஹால்லயே தொங்கட்டும். வந்தவாளெல்லாம் கண்டு புகழ்ந்ததாக்கும். நீர் மிண்டாம வாய்மூடி இரும். வேலைக்கு ஒரு குறையும் வராது."

காரியஸ்தர் என் காதோரம், "தலை தப்பிச்சுதுன்னு நினைச்சுக்கும் ஓய்" என்றார்.

தப்பித்ததாம். இனி வருகிறவர்கள் எல்லாம் என் பேரை நம்பி அந்தத் தேயிலைக்கறையைக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டுமாம். எனக்கு வீட்டில் நாலு வயிறு இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மேஜைமேல் இருந்த பேனாக்கத்தியை எடுத்தேன்.

பின்பலகையில் இருந்த கையெழுத்தை, எழுத்து எழுத்தாக, மரம் தெரிகிற வரைக்கும் சுரண்டினேன். தூளை ஊதிவிட்டுப் படத்தைத் தம்புரான் கையில் கொடுத்தேன்.

"மாட்டிக்கிடுங்கோ தம்புரான். உங்க சுவரு. என் பேரு இல்லாம மாட்டிக்கிடுங்கோ."