விரதக் கோப்பி

“அன்ரி, உங்கட குளிசையளை எடுத்து மேசையில வையுங்கோ.”

ஹம்சிகா ஒருநாளும் கேட்கக்கூடாது என்று சொல்லப்பட்டது இதைத்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே கடை முதலாளி சுகிர்தன் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருந்தான்: நோய் வருத்தம், குளிசை மருந்து, ஒப்பரேஷன் என்று ஒன்றும் விசாரிக்கக் கூடாது, வாறவை பயந்திடுவினம். மற்ற எதைப் பற்றியும் அவன் அப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்ததில்லை. அன்றைக்கே அவளுக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஊட்டச்சத்துப் பட்டம் கையில் கிடைத்து ஒன்றரை வருஷமாக வீட்டில் இருந்தவள். துறைமுகத்தில் மூட்டை இறக்கிய அப்பாவின் பிள்ளை, குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. கொட்டாஞ்சேனையில் அரைத் தெருவுக்கு அது தெரியும். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது கடை. பாணும் இல்லை, வடையும் இல்லை. நெய்க் கோப்பி மட்டும். கறுப்புக் கோப்பிக்குள் நெய்யை விட்டு மெஷினில் அடித்தால் பால்கோப்பிபோல நுரைத்துக்கொண்டு வரும். ‘நாள் முழுக்க உற்சாகம், மத்தியானம்வரை பசியில்லை, காலைச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு கோப்பை’ என்று சுவரில் எழுதியிருந்தது. அதன் கீழே ஹம்சிகாவின் பெரிய படம். ‘ஊட்டச்சத்துப் பட்டதாரியின் பரிந்துரை.’ அவள் அப்படி ஒன்றையும் பரிந்துரைக்கவில்லை. படம் எடுக்கும்போது வேறு எதற்கோ என்றுதான் சொன்னார்கள். அப்பா அதைப் போனில் பிடித்துக்கொண்டுபோய்த் துறைமுகம் முழுக்கக் காட்டிவிட்டார். அதன் பிறகு கழற்றச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

சந்தேகம் மட்டும் போகவில்லை. துண்டுப்பிரசுரத்தில் ஒரு மேசைக்கரண்டி நெய் என்று இருந்தது. கோப்பி அடிக்கும் றிப்னாவின் கையில் இருந்த அகப்பையோ இரண்டு கரண்டி பிடிக்கும்.

“ஏன் இவ்வளவு விடுறீங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

“கொறச்சா நொரை வராது, ஹம்சி. நொரை இல்லாட்டி மொதலாளி ஏசுவாரு.”

இரண்டு கரண்டி நெய் என்றால் இருநூற்றைம்பது கலோரி, மூன்று துண்டுப் பாண் அளவு. அந்தக் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு, இரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றுகிற வகை. உற்சாகம் தருவது கோப்பியிலுள்ள கஃபீன், நெய் அல்ல. கொழுப்பு வயிற்றில் மெதுவாக இறங்குவதால் கொஞ்ச நேரம் பசி தெரியாமல் இருக்கலாம், அதுவும் எல்லாருக்கும் இல்லை. மத்தியானம் வழக்கமான அளவு சோற்றையே சாப்பிட்டால் இந்தக் கலோரி மேலதிகம்தான். இதையெல்லாம் சுகிர்தனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். “நான் ஒரு வருஷமாக் குடிக்கிறன். எனக்கென்ன நடந்தது?”

“உங்களுக்கு முப்பத்தெட்டு வயசு. ஒரு குளிசையும் போடுறதில்லை.”

“அதுதான் சொன்னனே. குளிசைக் கதை கதைக்கவேண்டாம்.”

இந்த வெள்ளிக்கிழமை, வாடிக்கையாக வருகிற கௌரி அன்ரி நெற்றியில் திருநீற்றோடு கோப்பியைக் குடித்துவிட்டு யன்னலோரத்தில் இருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆட்களைப் பகிடி பண்ணாமல் விடமாட்டார். இன்றைக்கு வாயே திறக்கவில்லை. முகம் வேர்த்து, திருநீறு கரைந்து மூக்கில் வழிந்தது. கோப்பையைப் பிடித்த கை ஆடியது. “பஸ் வந்திட்டுதோ?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

சுகிர்தன் ஓடிவந்தான். “பயப்பிடாதேங்கோ அன்ரி, உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுது. முதல்ல இப்பிடித்தான் இருக்கும். றிப்னா, இன்னொரு நெய்க் கோப்பி குடும்.”

“குடுக்கவேண்டாம்,” என்றாள் ஹம்சிகா. அப்போதுதான் குளிசையைக் கேட்டாள்.

சுகிர்தன் அவளை முறைத்தான். அன்ரி கைப்பையைத் திறக்கத் தெரியாமல் தடவினார். ஹம்சிகாவே திறந்தாள். இரண்டு காகித உறை. ஒன்றில் மெற்போர்மின், மற்றதில் கிளிக்கிளசைட். இரண்டும் நீரிழிவு மாத்திரை.

“இதை விடியப் போட்டனீங்களோ?”

“ஓம் பிள்ளை. சீனி வருத்தத்துக்கு. தவறவிடமாட்டன்.”

“என்ன சாப்பிட்டனீங்கள்?”

“இண்டைக்கு விரதமெல்லே. இந்தக் கோப்பிதான். நெய் சுத்தம், விரதம் முறியாது.”

“றிப்னா, சீனி.”

றிப்னா கையை விரித்தாள். சீனி உள்ளே வரக்கூடாது என்பது கடைச் சட்டம். வாசலில் பெருமையாக எழுதியும் வைத்திருந்தார்கள். பிறகு அவள் மெஷினுக்குப் பின்னால் குனிந்து, தன் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். “எனக்கிட்ட ஒரு ஜிஞ்சர் பியர் இரிக்கி. மொதலாளிக்குத் தெரியாம வெச்சிருந்த.”

அன்ரி உதட்டை இறுக்கிக்கொண்டார். “பியரோ? விரதத்தில?”

“பேர்தான் பியர் அன்ரி, இஞ்சியும் சீனியும் போட்ட தண்ணி. பிள்ளையார் கோவிக்கமாட்டார். குடியுங்கோ.”

அரைப் போத்தல் உள்ளே போனது. கால்மணித்தியாலத்தில் வேர்வை அடங்கியது. பக்கத்துக் கடையில் வாங்கிவந்த இரண்டு வாழைப்பழமும் போனபின் அன்ரிக்குப் பழைய வாய் திரும்பியது. “என்ன பிள்ளை, மருமோளைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறீர்?”

“அந்தக் கிளிக்கிளசைட், சாப்பாடு வருமெண்டு நம்பி சீனியை இறக்கிற குளிசை, அன்ரி. நெய்யில மாச்சத்தே இல்லை. குளிசை இன்னும் உடம்புக்குள்ள நிக்குது, சீனியைத் திரும்பவும் இறக்கும். வீட்டை போய்ச் சோறு சாப்பிடுங்கோ, தனிய இருக்கவேண்டாம். இண்டைக்கே டொக்டரோட கதையுங்கோ.”

“நான் முதல்லயே கேட்டனான், பிள்ளை. சீனி வருத்தம் இருக்கு, குடிக்கலாமோ எண்டு. சுகிர்தன் தம்பிதான் சொன்னவர், குளிசையைப் போட்டுக்கொண்டே குடியுங்கோ, சீனி இல்லாததுதானே எண்டு.” அன்ரி எழுந்தபடி சொன்னார். “உம்மட படமும் கிடந்ததெல்லே. பிறகென்ன பயம் எண்டு கோயில்ல எங்கட ஆக்களுக்கும் நான்தான் சொல்லிவிட்டனான். வெள்ளிக்கு வெள்ளி எல்லாரும் இதைத்தான் குடிக்கினம். பூசை முடியும்வரைக்கும் தாங்குது.”

றிப்னா அவரை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கடையில் இரண்டு பேர்தான் மிச்சம். சுகிர்தன் மெதுவாகத்தான் கதைத்தான்.

“கேக்கவேண்டாமெண்டு ஏன் சொன்னனான் எண்டு இப்ப விளங்குதோ? கேட்டா எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சாப் பொறுப்பு எங்கட தலையில.”

“உங்களுக்குத் தெரியும்தானே. அவ சொன்னவ.”

“வாயால சொன்னது. ஆருக்குத் தெரியும்?” அவன் சுவரைக் காட்டினான். “அதோட, பரிந்துரை உம்மட. நான் வியாபாரி மட்டும்தான்.”

ஹம்சிகா திரும்பித் தன் படத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் சந்தேகப்பட்டது நெய்யை, அகப்பையை, துண்டுப்பிரசுரத்தை. ஏதாவது நடந்தால் பிடித்துக் கொடுக்கத்தான் தன்னைச் சுவரில் ஏற்றியிருக்கிறான் என்று நினைக்கவில்லை.

“கோயில்ல இருக்கிறவையில எத்தினை பேருக்குச் சீனி வருத்தம்? ஆருக்கு நெஞ்சு வருத்தம்? ஆருக்குப் பித்தப்பையில கல்லு? கல்லுக்காரிக்கு இவ்வளவு நெய் ஒரே தரத்தில போனா ஆசுபத்திரியில துடிக்கவேண்டியதுதான்.”

“விடும் ஹம்சிகா. அடுத்த கிழமை ‘வைத்தியரைக் கேட்கவும்’ எண்டு சின்னன் எழுத்தில போடுவம். சம்பளமும் கூட்டித் தாறன். உம்மட அப்பா எவ்வளவு சந்தோஷப்பட்டவர் எண்டு எனக்குத் தெரியாதோ?”

அப்பாவை இழுக்காமல் விட்டிருக்கலாம். அவள் கதிரையை இழுத்துப்போட்டு ஏறினாள். படத்தைச் சுவரில் பசையால் ஒட்டியிருந்தார்கள். நுனியில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுவையில் கிழித்தாள். சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

“கடைச் சாமானில கை வைக்கிறீர்,” என்றான்.

“இது என்ர மூஞ்சி.”

“வெளியில இதைக் கதைச்சா உமக்கு இந்தத் தெருவில ஒருத்தனும் வேலை தரமாட்டான்.”

ஹம்சிகா படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். பூசை முடிய இன்னும் நேரம் இருந்தது. கோயில் வாசலில் செருப்புக் கழற்றும் இடத்தில் நின்றால், வெளியே வரும் ஒருத்தியும் அவளைத் தாண்டிப் போக முடியாது. இந்த முகத்தைக் காட்டித்தானே குடிக்க வைத்தார்கள். இதே முகத்தோடு நின்று ஒவ்வொருத்தியிடமும் குளிசையைக் கேட்கவேண்டும்.

சுகிர்தன் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள்.