மூடியைத் திறந்து காட்டும் வித்தை

என் மச்சானிடம் ஒரு வித்தை உண்டு. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் குமட்டல் வந்துவிட்டது. சூடாகிறது என்று யார் வண்டி கொண்டு வந்தாலும், எஞ்சினை நன்றாக ஓடவிட்டு, ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு, சட்டென்று திருகித் திறப்பார். தண்ணீர் கொதித்துப் பீய்ச்சி அடிக்கும். "பாத்தீங்களா? உள்ள கொதிக்குது. ஹெட் போச்சு. எஞ்சினை இறக்கணும்" என்பார். அதற்குள் வண்டிக்காரர் முகம் வெளிறிப்போயிருக்கும். மறுபேச்சு பேசமாட்டார்.

அவர் என் மனைவியின் அண்ணன். ஒர்க்‌ஷாப் அவருடையது. வேலை என்னுடையது.

அன்று காலை பதினோரு மணிக்கு அந்த டாக்சிக்காரர் வந்தார். இது மூன்றாவது தடவை. போன தடவையே மச்சான் எஞ்சினை இறக்கச் சொல்லியிருந்தார். பாலத்து ஏற்றத்தில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி, ஏறியிருந்த ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாராம். டாக்சிக் கம்பெனியிலிருந்து போன் வந்திருக்கிறது. நாளை காலை வண்டி வரிசையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அவர் இடத்தில் வேறு வண்டி.

"எஞ்சினை இறக்கினா எத்தனை நாள் ஆகும் முதலாளி?" என்றார்.

"ரெண்டு வாரம்" என்றார் மச்சான், பல்லைக் குத்திக்கொண்டே. "பார்ட்ஸ் வந்து சேரலன்னா மூணு."

டாக்சிக்காரர் வண்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார். மச்சானோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் தன் காரை எடுத்துக்கொண்டு சாப்பிடக் கிளம்பிவிட்டார். மனுஷனுக்குத் தொண்டையில் எப்படித்தான் இறங்குமோ.

அவர் தலை மறைந்ததும் நான் பானெட்டைத் தூக்கினேன். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்தது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் இல்லை, சாக்கடை. குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றித் துருப்பிடித்து, சேறு போல மூடியின் ரப்பரில் அப்பியிருந்தது. ரப்பர் விரல் பட்டதும் பிய்ந்தது. மூடியை அழுத்தம் பார்க்கும் டெஸ்டரில் மாட்டிக் கைப்பம்பை அழுத்தினேன். 1.1 பார் அழுத்தம் வரை தாங்க வேண்டிய ஸ்பிரிங் 0.3லேயே உஸ்ஸென்று விட்டுவிட்டது.

"இது என்ன கணக்கு தம்பி?" என்றார் டாக்சிக்காரர்.

"வீட்ல குக்கர்ல வெயிட் போடுறோம்ல, அதே கதைதான். அழுத்தி மூடி வச்சா தண்ணி நூறு டிகிரில கொதிக்காது. இந்த மூடி நல்லா இருந்தா நூத்தி இருபது வரைக்கும்கூட கொதிக்காம ஓடும். உங்க மூடி கையாலாகாத மூடி. ஏத்தத்துல கொஞ்சம் சூடு ஏறினதும் அழுத்தத்தை விட்டுடுது. தண்ணி கொதிச்சு வெளிய போயிடுது."

"அப்ப எஞ்சின்?"

"அதையும் பாத்துடலாம்."

மூடியில்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தண்ணீரைக் கவனித்தேன். குமிழி ஒன்றுகூட வரவில்லை. எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் தகடு போயிருந்தால் புகை குமிழியாக வந்துகொண்டே இருக்கும். ஆயிலிலும் தண்ணீர் கலக்கவில்லை. சுத்தமான எஞ்சின். பிறகு தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தேன். காலி.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது மச்சானின் இன்னொரு கைவரிசை. "அது எதுக்கு, தண்ணி போறதை அடைக்கிற சனியன்" என்பார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி, தண்ணீரைக் குறுக்கு வழியில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிடும். சூடேறினால் ரேடியேட்டர் வழியைத் திறக்கும். இந்த எஞ்சினில் தன் அடித்தட்டால் குறுக்கு வழியையும் அடைக்கும். அது இல்லையென்றால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுட்ட தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சூடு குறையட்டும் என்று பிடுங்கியவர்தான் ஏற்றத்தில் வண்டியை வேகவைத்தார்.

"முதல் தடவை வந்தப்ப முதலாளி எதையோ கழட்டினாரு" என்றார் டாக்சிக்காரர். "இனிமே சூடே ஆகாதுன்னாரு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சேறு போகும்வரை தண்ணீர் விட்டு அலசி, புதுத் தெர்மோஸ்டாட், புது மூடி, பச்சைக் கூலன்ட் எல்லாம் போட்டு, காற்றை வெளியேற்றி, ஏசியையும் போட்டு முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். சூடு காட்டும் முள் நடுவில் போய் நின்றது. ஃபேன் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஸ்கேனரில் தொண்ணூற்றெட்டு, நூற்றிரண்டு, மறுபடி தொண்ணூற்றாறு. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. டாக்சிக்காரர் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் முறையாகச் சிரித்தார்.

அப்போதுதான் மச்சானின் கார் உள்ளே நுழைந்தது. இறங்கியதும் எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன மாப்ள, என்னைக் கேக்காமலே வைத்தியமா?" என்று சிரித்தார். நேராகச் சாக்கை எடுத்தார். நான் "மச்சான், வேணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் மூடியைத் திருகிவிட்டார். பச்சைத் தண்ணீர் கூரை வரை எழும்பியது. என் முழங்கையில் பட்டுச் சுட்டது.

"பாத்துக்குங்க" என்றார். "புது மூடி போட்டும் கொதிக்குது. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

டாக்சிக்காரரின் சிரிப்பு செத்துவிட்டது. தரையில் ஓடிய பச்சைத் தண்ணீரைப் பார்த்தார். மெதுவாகச் சாவியை எடுத்து மச்சானிடம் நீட்டினார். "இறக்கிடுங்க முதலாளி. கம்பெனிக்கு நான் சொல்லிக்கிறேன்."

சீ என்றாகிவிட்டது எனக்கு. வாயால் விளக்க ஆரம்பித்தால் இந்த மனுஷன் பூசி மெழுகிவிடுவார். கீழே கிடந்த ஈரச் சாக்கை எடுத்தேன். நேரே மச்சானின் காருக்குப் போய் பானெட்டைத் திறந்தேன். வாங்கி நாலு மாதம்கூட ஆகாத வண்டி. வெயிலில் ஓடி வந்து எஞ்சின் தகதகவென்று இருந்தது. மூடியின் மேல் சாக்கைப் போட்டேன்.

மச்சான் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "டேய், அதுல கை வைக்காத."

"ஏன் மச்சான்? புது வண்டிதான?"

"புது வண்டின்னா என்ன? இப்பதான ஓட்டிட்டு வந்தேன். சூட்டுல தொறந்தா அழுத்தம் போயிடும், கொதிச்சுத்தான் அடிக்கும். எந்த வண்டியா இருந்தாலும் அடிக்கும்."

சொல்லிவிட்டு அவரே நின்றார். கை மட்டும் என் மணிக்கட்டை விடவில்லை.

இத்தனை வருடமும் தெரியாமல் செய்கிறார் என்றுதான் நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். தெரியாத ஆளைத் திட்டலாம், திருத்தலாம். இந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நல்ல எஞ்சின்களை வாய் கூசாமல் சாகடித்துக் காட்டியிருக்கிறார். அவர் விரல் பட்ட இடத்தை உடனே கழுவ வேண்டும் போல இருந்தது.

டாக்சிக்காரர் நடந்து வந்து, மச்சானின் இன்னொரு கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார். மச்சான் தடுக்கவில்லை. வண்டி ஆறும்வரை டாக்சிக்காரர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குறைந்த கூலன்டை நான் ஊற்றி, மூடியைப் போட்டுக் கொடுத்தேன். "காலைல தைரியமா வரிசையில நிறுத்துங்க. எந்த ஏத்தத்துக்கும் பயப்படாதீங்க" என்றேன். எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, போன தடவை முதலாளி இந்த வண்டி மூடியைத் தொறந்தப்ப, டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னது நீங்கதான?"

கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை வெளியே எடுத்தார்.