எட்டுக்குப் பத்து

ஃபிரேம் கடைக்காரர்களை நினைத்தாலே ஜெயரூபனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பசறையிலும் சரி, பதுளையிலும் சரி, எந்தக் கடையிலும் எட்டுக்குப் பத்து அங்குல ஃபிரேமைத்தான் அடுக்கி வைத்திருப்பார்கள். தேயிலைத் தோட்டத்துச் சனம் அதை முதலில் வாங்கிவிடும். பிறகு, "இதுக்குள்ள அடங்குற மாதிரி படத்த அடிச்சுக் குடுங்க தம்பி" என்று அவனுடைய ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு வரும். காலை அளக்காமல் செருப்பை வாங்கின கதைதான். யாரிடம் சொல்லி அழுவது?

இன்றைக்கு அப்படியொரு ஃபிரேம், அவன் கொடுத்த படத்தோடு, அவன் மேசைமேல் 'டங்'கென்று விழுந்தது. போட்டவர் மாடசாமி. பின்னால் அவருடைய தங்கச்சி விஜயலெட்சுமி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மகள் துஷ்யந்திக்குப் பரிசம் போட்ட அன்று ஜெயரூபன்தான் படம் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

"நான் எங்க தம்பி இதுல?" என்றார் மாடசாமி.

ஜெயரூபன் பார்த்தான். வலது ஓரத்தில் ஒரு தோள் மட்டும் இருந்தது.

"நீங்க மொதல்ல குடுத்த சின்னப் படத்துல முழுசா நிக்கிறேன். பெருசாக்குனா ஆளு கொறையுமா? வெட்டி விட்டுட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? தங்கச்சி வீட்டுல காணிப் பிரச்சினையை இன்னும் மனசுல வச்சிருக்காங்க. மாலை போட வேற மாமனப் பார்த்துக்கச் சொல்லுங்க."

"அண்ணே, சத்தியமா நாங்க சொல்லலண்ணே" என்று விஜயலெட்சுமி அழுதாள். தாய்மாமன் மாலை போடாமல் அவர்கள் வீட்டில் பெண் மணவறையில் உட்காராது. காலையிலிருந்து அவரிடம் கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் ஸ்டூடியோக்காரரிடமே கேட்போம் என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஜெயரூபனுக்குப் படத்தை அச்சடித்த லேப்காரன்மேலும் கோபம், தன்மேலும் கோபம். படம் பிடித்தபோது இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம். ஆட்களைக் கமராவில் நெருக்கி நிரப்பிவிட்டு, அளவையும் பார்க்காமல் லேப்புக்கு அனுப்பினது இவன்தானே?

"அண்ணே, யாரும் வெட்டல. மெசின்தான் வெட்டுச்சு" என்று கணினியைத் திருப்பினான். "என் கமராப் படம் மூணுக்கு ரெண்டு. நாலுக்கு ஆறு கடுதாசியும் அதே கணக்கு, அதான் சின்னப் படத்துல எல்லாரும் இருக்கீங்க. எட்டு இஞ்சி உசரத்துக்கு பெருசாக்குனா அகலம் பன்னெண்டு வரணும். ஃபிரேம் பத்துதான். ரெண்டு இஞ்சிக்கு எங்க போறது? இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"முந்தி போன்ல எடுத்த படத்த இங்க அடிச்சப்ப தலையத்தானே வெட்டுச்சு?" என்றார் மாடசாமி விடாமல்.

"அது நாலுக்கு மூணு. நாலுக்கு ஆறு கடுதாசியில படுக்க வச்சு அடிச்சா மேலயும் கீழயும் போகும். அதுல கட்டத்த மேல தள்ளிட்டா தரைதான் போகும், தலை தப்பிச்சிரும். இதுல ரெண்டு ஓரத்துலயும் ஆளு நிக்குதே, நான் எங்க தள்ளுவேன்?"

"முழுசா அடக்க முடியாதா?" என்றாள் விஜயலெட்சுமி.

"அடக்கலாம். படம் சின்னதாயிரும். மேலயும் கீழயும் வெள்ளைப் பட்டை விழும்."

"கல்யாண வீட்டுல வெள்ளையா!" என்று அவள் பதறினாள்.

ஜெயரூபன் எரிச்சலை விழுங்கிக்கொண்டு, வெட்டும் கட்டத்தைச் சுட்டியால் வலது பக்கம் இழுத்தான். மாடசாமி முழுசாக உள்ளே வந்தார். இடது ஓரத்தில் நின்ற பெண் மொத்தமாக மறைந்துபோனாள்.

"இப்பிடி வச்சா அண்ணன் இருப்பாரு. ஆனா..."

"இது போதும் தம்பி" என்று விஜயலெட்சுமி அவசரமாகச் சொன்னாள். "இப்பிடியே அடிச்சுருங்க. நல்லா இருக்கு."

மாடசாமி திரையைப் பார்த்தார். பிறகு ஃபிரேமைக் கையிலெடுத்து, இடது ஓரத்தை முதல்முறையாகப் பார்த்தார். அங்கே பச்சைப் புடவையின் தலைப்பு மட்டும் இருந்தது. மகளின் பரிசப் படத்தில் பெற்ற தாய் இல்லை. காலையிலிருந்து அவர் காலைப் பிடித்தவள், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"லெச்சுமி, ஒன்னயுமா வெட்டுச்சு?"

"நான் வீட்டுலதானேண்ணே இருக்கேன். படத்துல என்னத்துக்கு?"

மாடசாமி படத்தை வெளியே உருவி மேசைமேல் வைத்துவிட்டு, ஃபிரேமைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தம்பி, எட்டுக்குப் பன்னெண்டு ஃபிரேமு பதுளையில எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லண்ணே. சொல்லித்தான் செய்யணும்."

"அப்ப செய்யச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும். மாலையும் படமும் நான்தான் கொண்டு போகணும்."