தேவானை இருந்த காட்சி

குளக்கரை சிக்னலில் ஆட்டோ நின்றபோதுதான் ஸ்ரீரஞ்சனி அந்த ரீலைப் பார்த்தாள். பள்ளியின் வீடியோ கிளப்பை நடத்துபவள் அவள்தான். பட்டினப்பாக்கம் மீன் கடைகளைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துவந்த குறும்படத்தின் ஒரு துண்டு அது. ஷாட் தொடங்குமுன் மைக்கைச் சரிபார்க்க வந்த தேவானை, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். சட்டையில் பள்ளி பேட்ஜ் பளிச்சென்று தெரிந்தது.

ஸ்ரீரஞ்சனி அதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். முகம் தெரியக்கூடாது என்பதால்தான் தேவானைக்கு ஒலிப்பதிவு வேலையே கொடுத்திருந்தாள். அடித்துத் துன்புறுத்திய அப்பாவிடமிருந்து தப்பி அம்மாவோடு வந்தவள் அவள். எங்கே படிக்கிறாள் என்பது அந்த ஆளுக்குத் தெரியாது.

பச்சை விழுந்தும் ஆட்டோ நகரவில்லை. இறங்கி நடந்தாள், பாதி தூரம் ஓடினாள்.

எடிட்டிங் செய்யும் சாய்சரண் வகுப்பு வாசலிலேயே அகப்பட்டான்.

"நல்லா வந்திருந்துச்சுன்னு அண்ணன் அக்கவுண்ட்ல போட்டேன் மிஸ். பேர்கூடப் போடலையே?"

"பேட்ஜ் இருக்கேடா. பேர் எதுக்கு?"

அவன் முகம் வெளுத்தது. அதற்குமேல் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. காட்சிகள் பள்ளிக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதி போட்டவள் அவள். குறும்படப் போட்டிக்கு நேரமாகிறதென்று சாய்சரணிடம் பென் டிரைவில் கொடுத்தனுப்பியவளும் அவளே.

தலைமை ஆசிரியை அறையிலிருந்தே அண்ணனுக்குப் பேசி ரீலை நீக்கவைத்தார்கள். அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது. யாருக்கு அனுப்பினோம் என்று சாய்சரணும் அவன் அண்ணனும் யோசித்து யோசித்துச் சொல்ல, ஒவ்வொருவரையும் அழைத்து அழிக்கச் சொன்னார்கள். இரண்டு பேர் எடுக்கவேயில்லை.

தேவானையின் அம்மா ஜோதிலட்சுமியைப் போனில் அழைத்ததும், மீன் விற்ற கையோடு ஓடிவந்தாள். ஸ்ரீரஞ்சனி எதையும் மறைக்கவில்லை.

"இன்னா டீச்சர், மூஞ்சி தெரியக்கூடாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா? அவன் கண்ணுல பட்டா?"

"தப்பு என்னுதும்மா. நான்தான் வெளிய குடுத்தேன்."

ஜோதிலட்சுமி சுவரில் சாய்ந்தபடி மூச்சு வாங்கினாள். "அழிச்சது அழிச்சதுதானா?"

"எங்க கைக்கு எட்டினதை அழிச்சுட்டோம். யாராவது எடுத்து வச்சிருந்தா தெரியாது."

உங்களைத் தவிர யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்றார் தலைமை ஆசிரியை. காவலாளியை அழைத்துச் சொல்லவும் செய்தார். பிறகு மூவரும் மகளிர் காவல் நிலையம் போனார்கள். அங்கே ஜோதிலட்சுமியின் பழைய புகார் இருந்தது. இதையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

பள்ளிக்குத் திரும்பியதும், கிளப்பை நிறுத்திவிடலாமா என்று ஸ்ரீரஞ்சனி பிள்ளைகளிடம் கேட்டபோது, தேவானைதான் முதலில் பேசினாள்.

"வேணாம் மிஸ். வெளிய போறதுக்கு முன்னாடி படத்துல இருக்குற எல்லாரும் பாக்கணும். ஒருத்தர் வேணாம்னாலும் போவக்கூடாது."

சாய்சரண் தலை குனிந்தபடி, "சாரி தேவானை," என்றான்.

"நீ பேட்ஜ் தெரியுற ஷாட்டையெல்லாம் தேடு. நான் சவுண்டைப் பாக்குறேன்."

அன்று பள்ளி விட்டதும் அம்மாவும் மகளும் கைகோத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார்கள். தெருமுனை திரும்பும்வரை ஸ்ரீரஞ்சனி பார்த்துக்கொண்டே நின்றாள். எதிரே பைக்கை நிறுத்திய ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அவள் கேட்டைத் தாண்டி இரண்டடி ஓடிவிட்டாள். அவன் யாரோ ஒரு குழந்தையைக் கூட்டிப்போக வந்த அப்பா.