கடைசித் துண்டு எலும்பு

எலும்பை அப்படியே வைத்துச் சீவ முடியாது. மெழுகுக் கட்டிக்குள் புதைத்த சதையை மைக்ரோடோம் இயந்திரம் வெங்காயத் தோலைவிட மெலிசாகச் சீவித் தள்ளும். அதுவே எலும்பு என்றால் கத்தியின் முனை உடையும், துண்டும் கிழியும். ஆகவே முதலில் எலும்பை அமிலத்தில் ஊறப் போட்டு, அதிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து வெளியே எடுத்தாக வேண்டும். சேலையூர் கேம்ப் ரோட்டில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த லேபில் இந்த வேலை ஜாஸ்மினுடையது. அதில் வேறு யாரும் கை வைத்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அமிலத்தில் குறைவாக ஊறினால் எலும்பு சீவ வராது. அதிகமாக ஊறினாலோ இன்னும் மோசம். சுண்ணாம்பு தீர்ந்த பிறகும் அமிலம் சும்மா இருக்காது, செல்களின் உட்கருவைக் கெடுக்க ஆரம்பித்துவிடும். நன்றாக வந்த ஸ்லைடில் உட்கரு நீலமாகவும் மற்றதெல்லாம் ரோஸ் நிறமாகவும் தெரியும். அமிலம் தின்ற உட்கருவில் நீலச் சாயம் ஒட்டவே ஒட்டாது. கெட்டது கெட்டதுதான், திரும்பி வராது.

எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. எலும்பு ஊறிய அமிலத்தில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, அம்மோனியா விட்டு, ஆக்சலேட் கரைசலை ஊற்ற வேண்டும். வெள்ளையாகக் கலங்கினால் இன்னும் சுண்ணாம்பு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அமிலத்தை மாற்றி மறுபடி ஊறவிட வேண்டும். தெளிவாக நின்றால் போதும், எடுத்துவிடலாம். ஊசியால் குத்திப் பார்த்தே முடிவு செய்யும் ஆட்களை ஜாஸ்மினுக்குப் பிடிக்காது. குழாய் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

அந்தக் குழாய்தான் செல்லம்மா விஷயத்தில் அவள் காலை வாரியது.

செல்லம்மாவுக்கு நாற்பது வயது, பெரும்பாக்கம் குடியிருப்பில் நாலாவது மாடி. சோழிங்கநல்லூரில் மூன்று வீடுகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். முழங்காலுக்குக் கீழே வீங்கி, எக்ஸ்ரேயில் எலும்பு அரித்தது போலத் தெரிய, எலும்பு டாக்டர் துளை போட்டு இரண்டு சின்னத் துண்டுகள் எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார். புற்றாக இருந்தால் காலை எடுக்க வேண்டி வரலாம், கிருமியாக இருந்தால் மருந்தோடு போய்விடும், எதுவானாலும் லேப் ரிப்போர்ட் வரட்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தார். செல்லம்மாவின் கால் இந்த இரண்டு துண்டுகளில் இருந்தது என்றே சொல்லலாம்.

எலும்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அமிலத்தில் போடக் கூடாது என்பது லேப் டாக்டர் தோத்தாத்ரியின் சட்டம். அதனால் ஒரு துண்டு, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் குப்பியிலேயே நின்றது, மற்றது நைட்ரிக் அமிலத்துக்குப் போனது. முதல் நாள் சோதனையில் குழாய் வெள்ளையாகக் கலங்கியது. அமிலத்தை மாற்றினாள். மறுநாளும் கலங்கியது, அதற்கடுத்த நாளும் கலங்கியது. ஒரு தடவை இடுக்கியால் எடுத்தபோது துண்டு கொழகொழவென்று வளைந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. மனசு லேசாக உறுத்தியது. ஆனாலும் எக்ஸ்ரேயில் அரித்த இடத்தைச் சுற்றி எலும்பு கெட்டியாகத் தெரிந்ததே, உள்ளே இன்னும் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு குழாயையே நம்பினாள்.

ஸ்லைடு வந்ததும் தோத்தாத்ரி மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. காபி ஆறி ஆடை கட்டியது. பிறகு அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீயே பார் என்றார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே ரோஸ். செல் இருந்த இடமெல்லாம் வெறும் நிழல்.

"செத்த திசுவா, நாம சாகடிச்ச திசுவான்னு எனக்கே தெரியல, ஜாஸ்மின்" என்றார். "இதை வெச்சு நான் எதையும் எழுத முடியாது."

அவர் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னொரு சீவல் எடுத்து, மிச்ச அமிலத்தைப் போக்க லித்தியம் கார்பனேட்டில் நனைத்து, நீலச் சாயத்தில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் போட்டுப் பார்த்தாள். அழுக்குத் துணி மாதிரி ஒரு மங்கல் வந்தது, உட்கரு வரவில்லை. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு அழுதாள். முகம் கழுவி வெளியே வந்தால் கவுண்டருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு காலை நீட்டியபடி செல்லம்மா உட்கார்ந்திருந்தாள். போனில் சொல்வதை அவள் நம்ப மாட்டாள், நேரில் வந்தால்தான் அவளுக்கு நிம்மதி.

"இன்னாமா, ரிப்போர்ட்டு வந்துச்சா? வேலை செய்ற வூட்டுல வேற ஆளு பாத்துகினு கீறாங்க" என்றாள் செல்லம்மா.

இன்னும் கொஞ்ச நாள் ஆகும் அக்கா என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் ஜாஸ்மின் உள்ளே வந்துவிட்டாள்.

இனி இருப்பது குப்பியில் இருந்த அந்த ஒரே துண்டு. அதுவும் போனால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி துளை, ஏற்கெனவே அரித்துப்போன எலும்பு அதைத் தாங்குமோ என்னவோ. தோத்தாத்ரிக்கும் பதற்றம்தான். துண்டை இன்றே அமிலத்தில் போடு, இந்தத் தடவை குழாயை நம்ப வேண்டாம், நாளைக் காலையில் ஊசியால் குத்திப் பார்த்து எடுத்துவிடலாம் என்றார். அவர் பேச்சை மீறி ஜாஸ்மினுக்குப் பழக்கமில்லை. குப்பியைக் கையில் எடுத்தவள் மறுபடி கீழே வைத்தாள்.

"சார், குழாய் ஏன் பொய் சொல்லிச்சுன்னு தெரியாம இதைப் போட எனக்குக் கை வரல. ஒரு அரை மணி நேரம் குடுங்க."

தோத்தாத்ரி சரி என்று தலையை ஆட்டினார்.

அவள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புதிதாக அமிலம் கலந்தாள். அதில் எலும்பைப் போடவில்லை. எலும்பு வாசனையே படாத அந்த அமிலத்தைக் குழாயில் எடுத்து, அம்மோனியா விட்டு, ஆக்சலேட் ஊற்றினாள். கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியது. இன்னொரு குழாயில் அமிலம்கூட இல்லாமல், அமிலம் கலக்கப் பயன்படுத்தும் தண்ணீரை மட்டும் எடுத்து ஆக்சலேட் ஊற்றினாள். அதுவும் கலங்கியது. சுண்ணாம்பு செல்லம்மாவின் எலும்பிலிருந்து இறங்கவில்லை, தண்ணீரிலேயே இருந்திருக்கிறது. எலும்பில் எல்லாம் தீர்ந்து எத்தனையோ நேரமாகியும் குழாய் 'இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

லேபில் உப்பு நீக்கிய தண்ணீர் வருவதற்கென்று தனிக் குழாய் ஒன்று உண்டு, சுவரில் மாட்டிய ஒரு இயந்திரத்திலிருந்து வருவது. அதைப் பார்த்துக்கொள்கிற சவுரிமுத்துவைக் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். பிளம்பிங், கரன்ட், ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் பதறவே இல்லை. மெஷின் ஒழுகிச்சு, அதான் அதை விட்டுட்டு போர் தண்ணி லைனை நேரா இந்தக் குழாய்ல குடுத்துட்டேன் என்றார். இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் வாளியே வெள்ளை பூத்துவிடும் என்பது ஊருக்கே தெரியும்.

"நீங்கதான் சார் சொன்னீங்க, எப்டியாவது ஒழுகறத நிறுத்துப்பான்னு. குடிக்கக் கேன் தண்ணி கீதே, இத யாரு குடிக்கப்போறாங்கன்னு நெனச்சேன்."

தோத்தாத்ரி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சொன்னது அவர்தான். ஃபைல்களின் மேல் தண்ணீர் சொட்டிய எரிச்சலில் சொன்னது, அன்றே மறந்தும் போனார். பிறகு அவர் சிரித்தே விட்டார், அழமுடியாதவன் சிரிக்கிற சிரிப்பு. அந்த வாரம் வேறு எலும்பு எதுவும் லேபுக்கு வராதது செய்த புண்ணியம்.

இயந்திரத்தைச் சரிசெய்ய ஆள் வர நாளாகும். செல்லம்மாவின் காலுக்கு அந்த அவகாசம் இல்லை. ஜாஸ்மின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் போய், ஒரு பேட்டரி கடையில் சீல் உடைக்காத, உப்பு நீக்கிய பேட்டரி தண்ணீர் கேன்கள் வாங்கி வந்தாள். காருக்கு ஊற்றுவதாயிற்றே என்று தோத்தாத்ரி இழுத்தார். அவள் சோதனைக் குழாயில் அதை ஊற்றி ஆக்சலேட் விட்டாள். கண்ணாடி மாதிரி நின்றது.

இந்த முறை நைட்ரிக் வேண்டாம், மெதுவாக வேலை செய்கிற ஃபார்மிக் அமிலமே போதும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். துண்டை மெலிசாக நறுக்கி, வலைப் பையில் போட்டு அமிலத்தில் தொங்கவிட்டாள். குழாய் கலங்கியது, இப்போது அது நிஜமான கலங்கல். அமிலத்தை மாற்றினாள். அடுத்த சோதனையில் கலங்கல் குறைந்தது. அதற்கடுத்த தடவை ஆக்சலேட்டை ஊற்றிவிட்டுக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே நின்றாள், கை வலிக்கும் வரை. தெளிவு. ஊசியை எடுத்து ஓரத்தில் மெல்லக் குத்தியும் பார்த்தாள். இனிமேல் அவள் குழாயை மட்டும் நம்பப் போவதில்லை, ஊசியை மட்டும் நம்பப் போவதுமில்லை. உடனே எடுத்துத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, மெழுகுக்கு அனுப்பினாள்.

சாயம் போட்ட ஸ்லைடை டாக்டரிடம் கொடுக்குமுன் அவளே ஒரு முறை பார்த்தாள். நீலம். எங்கு பார்த்தாலும் புள்ளி புள்ளியாக நீலம். அவளுக்கு நிஜமாகவே கால் தரையில் பாவவில்லை.

தோத்தாத்ரி நிதானமாகப் பார்த்தார். காசநோய்க் கிருமி எலும்பில் குடிவந்தால் உடம்பு செல்களைக் கூட்டி அதைச் சுற்றி வளைக்கும், நடுவே ராட்சத செல்கள் சில நிற்கும், அவற்றின் உட்கருக்கள் ஓரமாக மாலை கோத்தது போல வரிசையாக இருக்கும். அந்த மாலைகளை அவர் ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டினார். போன தடவை இவையெல்லாம் இருந்தும் இல்லாமல் போயிருந்தன. புற்று செல் எங்கும் இல்லை. கிருமியை உறுதி செய்ய வீக்கத்திலிருந்து ஊசியில் சீழ் எடுத்து அனுப்பச் சொல்லி எலும்பு டாக்டருக்குப் போன் செய்தார். எதிர்முனையில் அவர் விட்ட பெருமூச்சு அறை முழுக்கக் கேட்டது.

சீழிலும் காசநோய்க் கிருமி உறுதியான பிறகு செல்லம்மா வந்தபோது ஜாஸ்மின் அவளைக் கவுண்டரிலேயே நிறுத்தாமல் உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள். தாமதத்துக்கு நாங்கள்தான் காரணம், முதல் துண்டை அமிலத்தில் கெடுத்துவிட்டோம் என்று மறைக்காமல் சொன்னாள். பிறகு மாத்திரை பற்றிச் சொன்னாள். மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தவே கூடாது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருவார்கள். செல்லம்மா பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்.

"கால எடுக்க மாட்டாங்களா?"

"எடுக்க மாட்டாங்கக்கா. கால் உங்களோடதுதான்."

செல்லம்மா அழவில்லை. என் எலும்பை நான் பார்க்கலாமா என்று கேட்டாள். லேபில் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தோத்தாத்ரி எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார், மூக்குக் கண்ணாடி இடிக்காமல் எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். அவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"இந்த நீலப் புள்ளிலாம் இன்னா?"

"உங்க உடம்புதான்க்கா. கிருமியச் சுத்தி வளைச்சு சண்டை போடுது."

"இத்தினி பேரா?" என்றாள் செல்லம்மா, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் ஒண்டியா கீறேன்னுல்ல நெனச்சுகினு இருந்தேன்."